குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப், டிபென்ட் ஆன்: சொல்லோடு ஒட்டி வரும் பிரிப்போசிஷன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆன், ஆஃப், அட் எல்லாவற்றுக்கும் ஏதாவது விதி உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

எல்லாவற்றையும் அடக்கும் விதி கிடையாது. ஆனால் விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடத்தின் பாரம் பாதியாகக் குறையும்.

புத்தகம் மேசைமேல் இருந்தால் "ஆன் தி டேபிள்", கீழே கிடந்தால் "அண்டர் தி டேபிள்". இங்கே புத்தகம் இருக்கும் இடத்தைப் பார்த்து நாம்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம். "டிபென்ட் ஆன்" அப்படி இல்லை. அங்கே "ஆன்" வருவதற்குக் காரணம் "டிபென்ட்" என்ற சொல்தான். அது கேட்கிறது, நாம் கொடுக்கிறோம். வேறு ஒன்றை மாற்றிப் போட நமக்கு உரிமை இல்லை.

தமிழிலும் இதே கதைதான். "உதவு" என்ற வினை "கு" உருபைக் கேட்கிறது: எனக்கு உதவினான். "காப்பாற்று" என்ற வினை "ஐ" உருபைக் கேட்கிறது: என்னைக் காப்பாற்றினான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செயல்தான், ஆனால் உருபு வேறு. நம் வீட்டுக் குழந்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே "என்னை உதவு" என்று சொல்லாமல் வளர்கிறது. "தோற்றுப்போ" என்றால் அவனிடம் தோற்றேன், "ஜெயி" என்றால் அவனை ஜெயித்தேன். ஏன் என்று நாம் கேட்டதே இல்லை. ஆங்கிலப் பிரிப்போசிஷனையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்: அது அந்தச் சொல்லின் உருபு.

எனக்கு அர்த்தம் எல்லாம் தெரிகிறது, ஆனால் பேசும்போது தப்பான பிரிப்போசிஷன்தான் வாயில் வருகிறது. ஏன்?

வாயில் வருவது தமிழ் உருபின் மொழிபெயர்ப்பு. முக்கியமான குற்றவாளி "கு". பள்ளியிலேயே நமக்கு "கு என்றால் டு" என்று பதிந்துவிடுகிறது. அதனால் "எனக்கு உதவினான்" என்பது "ஹி ஹெல்ப்ட் டு மீ" ஆகிறது. "மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பது "ஐ ரீச்ட் டு மதுரை" ஆகிறது. ஆனால் "ஹெல்ப்", "ரீச்" இரண்டுமே பிரிப்போசிஷன் கேட்காதவை. "ஹி ஹெல்ப்ட் மீ", "ஐ ரீச்ட் மதுரை", அவ்வளவுதான்.

அடுத்தது "மேல்". அவன் மேல் கோபம், அவள் மேல் பொறாமை என்று சொல்லிப் பழகியதால் "ஆங்க்ரி ஆன் ஹிம்", "ஜெலஸ் ஆன் ஹர்" என்று வருகிறது. ஆங்கிலத்தில் "ஆங்க்ரி வித் ஹிம்", "ஜெலஸ் ஆஃப் ஹர்". அப்புறம் "ஓடு". "அவரோடு கல்யாணம் ஆனது" என்பதிலிருந்து "மேரீட் வித் ஹிம்" பிறக்கிறது. சரியானது "மேரீட் டு ஹிம்".

எதிர்த்திசையிலும் ஒரு தப்பு உண்டு. தமிழில் "ஐ" வரும் இடத்தில் நாம் பிரிப்போசிஷனையே விட்டுவிடுகிறோம். "பாட்டைக் கேட்கிறேன்" என்று மனதில் ஓடுவதால் "ஐ லிஸன் மியூசிக்". "லிஸன்" என்ற சொல் "டு" இல்லாமல் நிற்காது: "ஐ லிஸன் டு மியூசிக்". "பலகையைப் பார்" என்பதும் அப்படித்தான், "லுக் அட் தி போர்ட்".

ஒரு உருபு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வருவதைப் பற்றிப் பேசத் தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ஆங்கிலம் பேசும்போது நமக்கு நடப்பது இரண்டு மொழிகளுக்கு இடையிலான வேற்றுமை மயக்கம் என்றே நான் நினைக்கிறேன். தமிழ் உருபும் ஆங்கிலப் பிரிப்போசிஷனும் ஒத்துப்போகும் சொற்களில் நீங்கள் தப்பு செய்வதே இல்லை என்பதைக் கவனியுங்கள். "உனக்காகக் காத்திருக்கிறேன்", "வெயிட்டிங் ஃபார் யூ". இங்கே யாரும் தடுமாறுவதில்லை. அதனால் எல்லாச் சொல்லையும் படிக்க வேண்டாம். ஒத்துப்போகாதவற்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

"குட் இன் மேத்ஸ்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது தப்பா?

"கணக்கில் கெட்டிக்காரன்" என்பதில் உள்ள "இல்" தான் அந்த "இன்". பாடங்களின் பெயரோடு "குட் இன்" என்று ஆங்கிலேயர், அமெரிக்கர் வாயிலும் சில சமயம் கேட்கலாம், அதனால் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செயலைச் சொல்லும்போது "இன்" நிற்காது. "குட் இன் குக்கிங்", "குட் இன் ட்ரைவிங்" என்று எழுதினால் தப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். "குட் அட்" என்றால் பாடம், விளையாட்டு, செயல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதையே பழக்கிக்கொள்வது பாதுகாப்பு.

"அட்" ஏன் என்றால், அது ஒரு குறியை நோக்கும் சொல். "எய்ம் அட்", "த்ரோ அட்" என்பவற்றில் அந்தக் குறி கண்ணுக்குத் தெரியும். ஒரு வேலையில் கை எவ்வளவு சரியாகப் போய் விழுகிறது என்று சொல்லும் சொற்கள் பலவும் இதே "அட்" டைத்தான் எடுத்துக்கொள்கின்றன: "பேட் அட்", "க்ளவர் அட்", "பிரில்லியன்ட் அட்", "ஹோப்லெஸ் அட்".

"குட்" பக்கத்தில் வேறு பிரிப்போசிஷன் வந்தால் அர்த்தமே மாறிவிடும். "குட் வித் சில்ட்ரன்" என்றால் குழந்தைகளைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர். "குட் ஃபார் சில்ட்ரன்" என்றால் குழந்தைகளின் உடம்புக்கு நல்லது. பாட்டி "குட் டு மீ" என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார். ஒரு சத்துமாவு விளம்பரத்தில் "ஃபார்" இருக்க வேண்டிய இடத்தில் "வித்" போட்டால், மாவு குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்று அர்த்தம் வந்துவிடும்.

பயத்துக்கு ஏன் "ஆஃப்"? "நாயுடைய பயம்" என்றுதானே அர்த்தம் வருகிறது?

"ஆஃப்" என்றாலே "உடைய" என்று படித்ததால் வரும் குழப்பம் இது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது தெரிந்தால் "ஆஃப்" மறக்கவே மறக்காது.

"அஃப்ரெய்ட்" முதலில் தனிப் பெயரடை இல்லை. "அஃப்ரே" என்று ஒரு பழைய வினை இருந்தது, கலவரப்படுத்து, மிரட்டு என்று பொருள். அதிலிருந்து வந்த "மிரட்டப்பட்ட" என்னும் வடிவம்தான் இன்றைய "அஃப்ரெய்ட்". மிரட்டப்பட்டவன் என்றால் எதனால் மிரட்டப்பட்டான் என்று சொல்ல வேண்டும் அல்லவா? அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்த "ஆல்" உருபின் வேலையை "ஆஃப்" செய்துகொண்டிருந்தது. இன்று அந்த இடத்தில் "பை" வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில், மத்தேயு 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் "டு பி டெம்ப்டட் ஆஃப் தி டெவில்" என்று இருக்கிறது. தமிழ் பைபிளில் அதே இடம் "பிசாசினால் சோதிக்கப்படுவதற்கு". தமிழில் "ஆல்" நிற்கும் இடத்தில் அங்கே "ஆஃப்" நிற்கிறது. பிறகு ஆங்கிலம் "பை"க்கு மாறிவிட்டது. ஆனால் "அஃப்ரெய்ட்" தன்னோடு ஒட்டிக்கொண்ட பழைய "ஆஃப்"பை விடவில்லை.

அதனால் "அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்" என்று சொல்லும்போது "நாயுடைய" என்று நினைக்காதீர்கள், "நாயினால் வந்த" என்று நினையுங்கள். இந்த நினைப்பு இன்னும் சில சொற்களுக்கும் கைகொடுக்கும்: "ப்ரௌட் ஆஃப்", "அஷேம்ட் ஆஃப்", "டயர்ட் ஆஃப்", "ஸ்கேர்ட் ஆஃப்". மகனால் வந்த பெருமை, செய்ததால் வந்த வெட்கம், ஒரே சாப்பாட்டால் வந்த சலிப்பு. எல்லா உணர்ச்சிக்கும் இது செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவலைக்கு "வொரீட் அபவுட்", திருப்திக்கு "ப்ளீஸ்ட் வித்".

"அஃப்ரெய்ட் டு" என்றும் பார்த்திருக்கிறேனே?

அதுவும் சரி, ஆனால் பின்னால் வினை வந்தால்தான். "ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு கிராஸ் தி ரோட்" என்றால் சாலையைக் கடக்கத் துணியவில்லை, தயங்கி நின்றேன். "ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்" என்றால் விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன். கடப்பது நாம் முடிவு செய்யும் காரியம், விழுவது தானாக நடக்கும் காரியம். நாமாகச் செய்வதற்கு "டு", நம்மை மீறி நடப்பதற்கு "ஆஃப்" என்று வைத்துக்கொள்ளுங்கள். "அஃப்ரெய்ட் டு ஃபால்" என்றால் வேண்டுமென்றே விழத் துணிச்சல் இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

"அஃப்ரெய்ட் டு டாக்ஸ்" மட்டும் எப்போதும் தப்பு. அந்த "டு" நம் "நாய்க்குப் பயம்" கொடுத்தது.

"டிபென்ட் ஆன்" சரி. அப்படியென்றால் "இன்டிபென்டென்ட் ஆன்" என்றும் சொல்லலாமா?

கூடாது. "இன்டிபென்டென்ட் ஆஃப்" என்றுதான் சொல்ல வேண்டும்.

"டிபென்ட்" லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல், "கீழே தொங்கு" என்பது அதன் பழைய பொருள். விட்டத்திலிருந்து தொங்கும் தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். விட்டம் இல்லாமல் தொட்டில் இல்லை, அதனால் "சார்ந்திரு" என்ற பொருள் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் "இலிருந்து" என்ற பொருளுள்ள "த" சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலமோ தொங்குவதை விட்டுவிட்டு, பாரம் ஒன்றின் மேல் சாய்வதாக எடுத்துக்கொண்டு "ஆன்" போட்டது. "ரிலை ஆன்", "கவுண்ட் ஆன்" இரண்டும் அதே சாய்வுதான். "மழையை நம்பி விவசாயம் செய்கிறோம்" என்று சொல்லும்போது நமக்கு "ஐ" வருவதால் "வீ டிபென்ட் தி ரெயின்" என்று எழுதத் தோன்றும். மழையின் மேல் சாய்ந்திருக்கிறோம் என்று மாற்றி நினைத்துக்கொண்டால் "ஆன்" தானாக வரும்.

சாராமல் இருப்பதைச் சொல்லும் "இன்டிபென்டென்ட்" மட்டும் பிரெஞ்சு வழக்கைப் போலவே "ஆஃப்" வைத்துக்கொண்டது. பெயர்ச்சொல்லான "இன்டிபென்டென்ஸ்" ஒரு நாட்டின் விடுதலையைச் சொல்லும்போது மூன்றாவது ஒன்றைக் கேட்கும்: 1947-இல் இந்தியா பெற்றது "இன்டிபென்டென்ஸ் ஃப்ரம் பிரிட்டன்". ஒரே குடும்பத்தில் "ஆன்", "ஆஃப்", "ஃப்ரம்" மூன்றும் இருக்கின்றன. அதனால் ஒரு சொல்லின் பிரிப்போசிஷன் தெரிந்ததென்று அதன் தங்கைச் சொல்லுக்கும் அதையே கொடுத்துவிடக் கூடாது.

"டிஸ்கஷன் அபவுட்" சரியாம், "டிஸ்கஸ் அபவுட்" தப்பாம். இது என்ன நியாயம்?

மேலே பார்த்ததுதான் இங்கேயும். பெயர்ச்சொல் ஒன்று கேட்கும், வினை இன்னொன்று கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. "டிஸ்கஸ்" என்ற வினைக்குள்ளேயே "பற்றிப் பேசு" என்று இரண்டும் அடங்கியிருக்கிறது. மறுபடி "அபவுட்" சேர்த்தால் "பற்றிப் பற்றிப் பேசினோம்" என்றாகிவிடும். "வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்" போதும். "டாக்" என்ற சொல்லில் வெறும் "பேசு" தான் இருக்கிறது, அதனால் "டாக் அபவுட்" வேண்டும்.

அலுவலகக் கடிதங்களில் தினமும் பார்ப்பது "ரிக்வெஸ்ட் ஃபார்". "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, ஏனென்றால் அது பெயர்ச்சொல். "ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரியில்லை, "ஐ ரிக்வெஸ்ட் லீவ்" என்று எழுத வேண்டும். முன்னால் "எ" அல்லது "மை" போட முடிந்தால் அது பெயர்ச்சொல், பிரிப்போசிஷன் இருக்கட்டும். முன்னால் "ஐ", "வீ" நின்றால் வினை, எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் இந்தச் சோதனை சரியாக வேலை செய்யும்.

பிரிப்போசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் எந்த வடிவம்?

"இங்" வடிவம். "குட் அட் சிங்கிங்", "டயர்ட் ஆஃப் வெயிட்டிங்". இதில் மாட்டிக்கொள்ளும் இடம் "டு". "ஐ வான்ட் டு கோ" என்பதில் உள்ள "டு" வினையின் ஒரு பகுதி. "லுக் ஃபார்வர்ட் டு" என்பதில் உள்ள "டு" பிரிப்போசிஷன். எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "லுக் ஃபார்வர்ட் டு தி வெட்டிங்" நிற்கிறது, அதனால் அது பிரிப்போசிஷன், வினை வந்தால் "இங்" வேண்டும். "வான்ட் டு தி வெட்டிங்" நிற்கவில்லை.

"தட்" என்று தொடங்கும் வாக்கியம் பின்னால் வந்தால் பிரிப்போசிஷன் மறைந்துவிடும். "அஃப்ரெய்ட் ஆஃப் தி டாக்", ஆனால் "அஃப்ரெய்ட் தட் தி டாக் வில் பைட்".

கேள்வி கேட்கும்போது அது எங்கே போகும்?

பேச்சு ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும். நாம் "யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று உருபைக் கேள்விச் சொல்லோடு ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கேள்விச் சொல் மட்டும் முன்னால் ஓடிவிடும், பிரிப்போசிஷன் தன் இடத்திலேயே நிற்கும்: "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" நாம் ஏற்கெனவே ஒட்டிச் சொல்லிவிட்டதாக மனம் நினைப்பதால் அந்தக் கடைசி "ஃபார்" விடுபட்டுப்போகும். "வாட் ஆர் யூ லுக்கிங்?" என்று கேட்பதும் இதனால்தான். "லுக்கிங் அட்" என்றால் எதைப் பார்க்கிறாய், "லுக்கிங் ஃபார்" என்றால் எதைத் தேடுகிறாய். விட்டுவிட்டால் கேட்பவருக்கு எது என்றே தெரியாது.

என் அக்கா மகள் வேலைக்கு இப்படி எழுதியிருக்கிறாள்: "ஐ ஆம் குட் இன் டைப்பிங் அண்ட் இன்ட்ரஸ்டட் டு திஸ் ஜாப். இன் மை லாஸ்ட் ஜாப் ஐ வாஸ் ரெஸ்பான்ஸிபிள் டு தி ஸ்டாக். ஐ ஹெல்ப்ட் டு கஸ்டமர்ஸ் அண்ட் டிஸ்கஸ்ட் அபவுட் தெயர் நீட்ஸ். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ." சரியா?

சொல்ல வந்தது தெளிவாக இருக்கிறது, திருத்த வேண்டியவை பிரிப்போசிஷன்களும் அவற்றை ஒட்டியவையும் மட்டும்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டைப்பிங் ஒரு செயல், அதனால் "குட் அட் டைப்பிங்". அடுத்து "இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஜாப்". தமிழில் "இந்த வேலையில் ஆர்வம்" என்று நினைத்திருந்தால் "இல்" வழியாக "இன்" தானே வந்திருக்கும். "இந்த வேலைக்கு" என்று நினைத்ததால் "டு" வந்துவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் இங்கே அர்த்தமே மாறுகிறது. "ரெஸ்பான்ஸிபிள் ஃபார்" என்றால் ஒன்றுக்குப் பொறுப்பு. "ரெஸ்பான்ஸிபிள் டு" என்றால் ஒருவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மேலாளருக்கு "டு", சரக்குக்கு "ஃபார்". தமிழில் இரண்டுக்கும் "கு" என்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. எழுதியபடி படித்தால், சரக்குக்கு அவள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிறது.

"ஹெல்ப்ட் கஸ்டமர்ஸ்" என்று எழுதினால் போதும். "டிஸ்கஸ்ட் தெயர் நீட்ஸ்" என்பதோடு "வித் தெம்" சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்: வினைக்குத் தேவைப்படாத "அபவுட்" போய்விடும், யாரோடு பேசினாள் என்பதும் வந்துவிடும். கடைசி வரி "லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ". "ஃப்ரம்" சரியாகப் போட்டிருக்கிறாள், "உங்களிடமிருந்து" என்பது ஒத்துப்போகிறது.

ஆறு தப்பில் நான்கு "டு"வோடு சம்பந்தப்பட்டவை என்பதை அவளிடம் காட்டுங்கள். அடுத்த கடிதத்தை அனுப்பும் முன் "டு" வரும் இடங்களை மட்டும் வட்டமிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

முதலில் மொழி கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி. ஆங்கில–தமிழ் அகராதிகள் பொருளை மட்டும் கொடுத்துவிட்டுப் பிரிப்போசிஷனை விட்டுவிடுவது அதிகம். கற்பவர் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு முன்பாகவோ உள்ளேயோ அதைத் தடித்த எழுத்தில் காட்டியிருப்பார்கள்.

அச்சில் எது அதிகம் வழங்குகிறது என்று பார்க்க Google Books Ngram Viewer உதவும். இப்படித் தட்டிப் பாருங்கள்:

```
afraid *
```

அந்தச் சொல்லுக்குப் பின்னால் அதிகமாக வரும் சொற்கள் வரைபடமாக வரும். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளைத் தனித்தனியாகவும் பார்க்கலாம். "டிஃபரென்ட்" போன்ற சொற்களுக்கு அது தேவைப்படும், ஏனென்றால் "ஃப்ரம்" எங்கும் செல்லும், "டு" பிரிட்டன் பக்கம், "தேன்" அமெரிக்கா பக்கம்.

ஆனால் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட வேண்டாம். `married with` என்று தேடினால் கணிசமாகவே கிடைக்கும். அதில் பல "மேரீட் வித் டூ சில்ட்ரன்", அதாவது கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் உள்ளவர். யாரைக் கட்டிக்கொண்டார் என்பதை அந்த "வித்" சொல்லவே இல்லை. அதனால் தேடியது கிடைத்ததும் நிறுத்தாமல், புத்தக வரி ஒன்றிரண்டைத் திறந்து பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்.